காணித் தரகர் எழுதும் முதற் கடிதம்

‘ஆயிரம் பொய் சொல்லியேனும் ஒரு கல்யாணத்தை முடித்து வை’ என்று நம்மவர் சொல்லி வந்திருக்கின்றனர். கல்யாணத் தரகருக்கு உலகம் மனமுவந்து அளித்த இச்சலுகையைக் காணித் தரகரும் தமக்குரியதெனக் கொள்வதுண்டு. ஆனால், இரண்டிற்கும் பெரிய வேற்றுமை உளது. மணமக்கள் மனமொத்து வாழத் தொடங்கிவிட்டால் தரகர் சொன்ன பொய்கள் காலப்போக்கில் மறந்துபோகும். காணி விஷயத்திலோ அன்று மறைத்த ஒரு குறை, உறுதியோடும் பிளானோடும் சேர்ந்து பேரப்பிள்ளைகள் காலம் வரையும் தொடர்ந்து வரும்.

கண்டி நகரத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் அறிந்தவர்க்கு ஒரு காட்சி புதிதன்று. கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, அம்பிட்டிய, பேராதனை, பிலிமத்தலாவை ஆகிய இடங்களில் வீடு எழும்பாத சிறு காணித் துண்டுகள் புல் மண்டிக் கிடக்கும். அவற்றின் சொந்தக்காரர் பலர் கொழும்பிலோ, இலண்டனிலோ, கனடாவிலோ இருப்பர். அத்தகையோருக்கு ஒருநாள் தரகர் ஒருவரிடமிருந்து கடிதம் வருகிறது. ‘தங்கள் காணியை விற்றுத் தருகிறேன், என்னிடம் ஒப்படையுங்கள்’ என்பதே அதன் சாரம். அக்கடிதம் எப்படி இருந்தால் நம்பலாம், எப்படி இருந்தால் ஒதுக்கிவிடலாம் என்பதையே இங்கு ஆராய்வோம். தரகுத் தொழிலை நேர்மையாகச் செய்ய விரும்பும் இளைஞருக்கும் இது பயன்படும்.

முதல் வாக்கியத்திலேயே தெரியும்

பெரும்பாலான கடிதங்கள், ‘தங்கள் காணியை வாங்க ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார்’ என்றே தொடங்கும். பத்துக்கு ஒன்பது தடவை அப்படி ஒருவர் இருப்பதில்லை. காணியைத் தம் பட்டியலில் சேர்த்துக்கொள்வதற்காக வீசப்படும் தூண்டில் அது. இதைச் சோதிக்க வழி எளிது. வாங்க விரும்புகிறவருக்கு எத்தனை பேர்ச் தேவை, எந்த வீதிப் பக்கம், வங்கிக் கடன் பெற்று வாங்குகிறாரா அல்லது கைப்பணமா என்று மூன்று கேள்விகள் கேட்டு எழுதுங்கள். உண்மையாகவே ஆள் இருந்தால் மூன்றுக்கும் விடை உடனே வரும். இல்லையேல், ‘அவர் வேறிடம் பார்த்துவிட்டார்; ஆயினும் வேறு பலர் உளர்’ என்ற பதில் வரும்.

நேர்மையான தரகர் வேறு விதமாகத் தொடங்குவார். தாம் யார், வியாபாரப் பெயரின் பதிவு எண் என்ன, காரியாலயம் எங்கே என்பதைச் சொல்வார். அதன்பின், சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் தமக்கு எவ்வாறு கிடைத்தன என்பதையும் மறைக்காமல் எழுதுவார். அயல் வீட்டார் சொல்லியிருக்கலாம். காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்த்திருக்கலாம். எதுவாயினும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், ‘இவர் எங்கிருந்து நம்மைத் துருவினார்?’ என்னும் ஐயம் படிப்பவர் மனத்தில் எழாது.

செய்வது எது, செய்யாதது எது

‘சகல சேவைகளும் செய்து தரப்படும்’ என்னும் வாக்கியத்தில் ஒரு சேவையும் இல்லை. தரகரின் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கடிதம் வரையறுக்க வேண்டும். காணியை நேரில் பார்த்து எல்லைக் கற்களைச் சரிபார்த்தல், உறுதியினதும் பிளானினதும் பிரதிகளைப் படித்தல், விளம்பரம் செய்தல், வருகிறவர்களை அழைத்துச் சென்று காட்டல், அவர்கள் சொல்லும் விலையைச் சொந்தக்காரருக்கு அறிவித்தல், பின்னர் நொத்தாரிசின் மேசை வரை இரு பக்கத்தாரையும் கொண்டுசேர்த்தல் ஆகியவை அவர் வேலை. இதற்கு அவருக்குப் பிரதிகள் போதும். மூல உறுதியைக் கேட்கும் தரகருக்கு அதைக் கொடுக்கலாகாது.

உரித்துச் சுத்தமானதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையன்று. அது நொத்தாரிசின் பொறுப்பு. நிலத்தை அளப்பது உரிமம் பெற்ற நில அளவையாளரின் வேலை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுத்தில் நிறைவேறினாலன்றிச் செல்லா. ஆகவே, தரகர் தம் கையால் ஒரு தாளில் எழுதி, ‘அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன், காணி இன்னாருக்கே’ என்று கையொப்பம் வாங்கினால், அது வாங்குகிறவருக்கும் காப்பாகாது, விற்பவருக்கும் காப்பாகாது. பிற்பாடு தகராறு எழுவதற்கு மட்டும் அது வழிவகுக்கும்.

சொந்தக்காரரிடம் அடையாள அட்டைப் பிரதியை ஏன் கேட்கிறார் என்பதையும் தரகர் எழுதிவிடுவது நல்லது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், காணி, வீடு விற்பனைத் தரகரும் தம் வாடிக்கையாளர் யாரென உறுதி செய்யக் கடமைப்பட்டவராவர். காரணம் தெரிந்தால் கேள்வி உறுத்தாது.

கண்டி மண் கேட்கும் கேள்விகள்

சமதரை நகரமொன்றில் எழுதும் கடிதம் கண்டிக்குப் பொருந்தாது. இங்கே தரகர் முதற் கடிதத்திலேயே மூன்று விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும்.

முதலாவது, காணி முழுவதும் ஒருவருக்கே உரியதா என்பது. கண்டிப் பகுதியில் பரம்பரைக் காணிகள் பல, பிரிக்கப்படாத பங்குகளாகவே கைமாறி வந்துள்ளன. நான்கு சகோதரருக்குப் பொதுவான காணியில் ஒருவர் தமது நாலில் ஒரு பங்கை விற்கலாம். ஆனால், ‘வீதியோரமாக உள்ள இந்த ஐந்து பேர்ச் எனது’ என்று காட்டி விற்க அவருக்கு உரிமையில்லை. அனைவரும் இணங்கிப் பிரிவினை உறுதி எழுத வேண்டும். இணங்காவிடில் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பிரிவினை வழக்குத் தொடுக்க வேண்டும். அத்தகைய வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். இதை முதலில் கேளாத தரகர், விளம்பரத்துக்குப் பணத்தைச் செலவிட்டு, வாங்க வந்தவரையும் இழந்து, கடைசியில் சகோதரருக்கிடையே மனக்கசப்பையும் உண்டாக்கிவிடுவார். சகோதரருள் ஒருவர் வெளிநாட்டில் இருப்பின், அவர் அங்கிருந்து முறைப்படி அற்றோர்ணித் தத்துவம் எழுதி அனுப்ப வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அத்தத்துவமும் அவரோடு முடிந்துபோகும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, காணி எவ்வகை உரித்தில் வந்தது என்பது. கண்டியைச் சுற்றி விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் உரிய காணிகள் நிறைய உண்டு. அவற்றைத் தனியார் காணிபோல் விற்க இயலாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புக் காணிகளும் வேறு வகையின. பிரதேச செயலாளரின் முன்னனுமதியின்றி அவற்றைக் கைமாற்றல் ஆகாது. ‘கையில் பத்திரம் இருக்கிறது’ என்று சொந்தக்காரர் சொன்னால், அது நொத்தாரிசு எழுதிய உறுதியா, அரசாங்கம் கொடுத்த பத்திரமா என்று தரகர் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, சரிவு. கண்டி மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுள் ஒன்று. அபாயமுள்ள பகுதியில் வீடு கட்டுவதற்கு அனுமதி கேட்கும்போது, உள்ளூராட்சி மன்றம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கோரும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலைநாட்டில் நேர்ந்த மண்சரிவுகளுக்குப் பின், இக்கேள்வியைக் கேட்காத வாங்குநர் இரார். தரகர் காணியில் நின்று பார்க்கும்போதே சில அடையாளங்கள் கண்ணிற்படும்: ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மரங்கள், பக்கத்து வீட்டு மதிலில் வில்போல் வளைந்த வெடிப்புகள், மழை ஓய்ந்த பின்னும் ஊற்றெடுக்கும் இடங்கள், மேட்டைச் செங்குத்தாக வெட்டி அணைசுவர் கட்டாது விட்ட நிலை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் அறிக்கை பெற்ற பின்னரே விளம்பரம் செய்வதாக அவர் எழுத வேண்டும். இவை இல்லாமையே அபாயமின்மைக்குச் சான்றாகாது என்பதையும் சேர்த்து எழுதினால் அவர் நேர்மையானவர்.

கூலியின் கணக்கு

கூலி விஷயத்தில் தெளிவில்லாத கடிதம், மற்றெல்லாம் இருந்தும் பயனற்றது. எவ்வளவு, எந்தத் தொகையின் மீது, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்னும் நான்கிற்கும் அதில் விடை இருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் விற்பவர் தரகருக்குக் கொடுப்பதாகப் பரவலாகப் பேசப்படுவது நூற்றுக்கு மூன்று வீதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டசாலைப் பக்கம் 20 பேர்ச் காணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஆகவே இது ஏக்கரில் எட்டிலொரு பங்கு. கணக்குக்கு எளிதாக, பேர்ச் ஒன்று 5 இலட்சம் ரூபாவென்று கொண்டால் விலை 1 கோடி ரூபா. மூன்று வீதத் தரகு 3 இலட்சம். சொந்தக்காரர் கையில் 97 இலட்சம் நிற்கும். முத்திரை வரி வாங்குபவருடையது. அது முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாக 3 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா ஆகும். இத்தொகை விற்பவரைத் தொடாவிட்டாலும், வாங்குபவர் தம் சேமிப்பை எண்ணிப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே எண்ணுவார் என்பதை விற்பவர் அறிந்திருத்தல் நல்லது. விற்பவரைத் தொடும் வரி வேறொன்று உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல் காணி விற்ற இலாபத்தின் மீது வரி விதிக்கப்படுகிறது. அதற்கு முன்பே வைத்திருந்த காணியாயின் 2017 செப்டெம்பர் 30 அன்றிருந்த பெறுமதியே இலாபக் கணக்கின் அடிப்படை. விற்கும் நாளில் உள்ள வீதத்தைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்க என்று தரகர் ஒரு வரி எழுதினால் போதும்.

இனி, ‘எனக்குப் பேர்ச்சுக்கு நாலரை இலட்சம் வந்தால் போதும், மேலே வருவது உம்முடையது’ என்று சொல்லும் வழக்கத்தைப் பார்ப்போம். கேட்பதற்கு இது சுலபமாகத் தோன்றும். அதே காணி 1 கோடிக்கு விற்றால், சொந்தக்காரர் பெறுவது 90 இலட்சம்; தரகர் பெறுவது 10 இலட்சம். அதாவது, 3 வீதம் கொடுக்க மனமில்லாதவர் 10 வீதம் கொடுத்துவிட்டார்! அன்றியும் உறுதியில் 1 கோடி என்று எழுதப்படின், தாம் கையிற் பெறாத 10 இலட்சத்துக்கும் சேர்த்து அவர் வரிக்கணக்குக் காட்ட நேரும். உறுதியில் 90 இலட்சமென்று குறைத்து எழுதினால் அது பொய்யுறுதி. நேர்மையான தரகர் இவ்வழக்கத்திற்குத் தாம் இணங்குவதில்லையென்று கடிதத்திலேயே எழுதிவிடுவார்.

ஆயினும் வீதக்கூலியிலும் ஒரு பலவீனம் உண்டு, அதையும் மறைத்தலாகாது. 1 கோடி பெறுமதியுள்ள காணியை 95 இலட்சத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி தரகர் ஆலோசனை சொன்னால், தரகு போக, சொந்தக்காரருக்கு இழப்பு 4 இலட்சத்து 85 ஆயிரம். தரகருக்கு இழப்பு வெறும் 15 ஆயிரம். விரைவில் முடித்துவிட்டு அடுத்த காணிக்குப் போகவே அவர் மனம் இழுக்கும். இதற்கு மருந்து ஒன்றே: வந்த விலைகள் யாவற்றையும், பெரிதாயினும் சிறிதாயினும், யார் எப்போது சொன்னார் என்பதோடு எழுத்தில் அறிவிப்பதாகத் தரகர் உறுதி கூறவேண்டும்.

கூலி எப்போது என்பதில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டென்பதற்கு இங்கிலாந்தில் நடந்த வழக்கொன்று சான்று. படமாளிகைகளை வாங்க ஒரு தரகர் ஆளைக் கொண்டுவந்தார். வாங்க அவர் ஆயத்தமாகவும் இருந்தார். ஆனால், சொந்தக்காரர் அவருக்கு விற்கவில்லை. தரகர் வழக்குத் தொடுத்தார். விற்பனை நிறைவேறியதும் கூலி என்றே உடன்பாடு இருந்தமையால், அவருக்கு ஒன்றுமில்லை என 1941ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ‘வாங்குநரை அறிமுகப்படுத்தியதும்’ என்று எழுதியிருந்தால் முடிவு வேறாயிருக்கக்கூடும். அதே நாட்டில் 1979ஆம் ஆண்டின் சட்டம், உடன்பாட்டுக்கு முன்பே கூலி எவ்வளவு, எச்சந்தர்ப்பத்தில் கொடுபடும் என்பவற்றைத் தரகர் அறிவிக்கவேண்டுமென விதித்தது. நம்மூர்த் தரகர் அதைத் தாமாகவே செய்தால் யார் தடுப்பார்?

ஒரு மாதிரிக் கடிதம்

மேலே சொன்னவற்றையெல்லாம் சேர்த்து எழுதினால் கடிதம் ஏறக்குறைய இப்படி அமையும்:

*மதிப்பிற்குரிய ஐயா,*

*கண்டியில் காணி, வீடு விற்பனைத் தரகு செய்து வருபவன் யான். என் வியாபாரப் பெயரின் பதிவு எண்ணும் காரியாலய விலாசமும் மேலே காண்க. குண்டசாலையில் தங்களுக்குரிய 20 பேர்ச் காணி வெறுமையாயிருப்பதைக் கண்டு, அயலாரிடம் விசாரித்துத் தங்கள் விலாசத்தைப் பெற்றேன். இன்று என்னிடம் அக்காணிக்கென ஆயத்தமான வாங்குநர் எவருமில்லை. விற்கும் எண்ணம் தங்களுக்கு உண்டாயின், அப்பணியை என்னிடம் ஒப்படைக்கும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.*

*தாங்கள் இணங்கினால், காணியை நேரிற் பார்த்து எல்லைகளைச் சரிபார்ப்பேன். உறுதி, பிளான் ஆகியவற்றின் பிரதிகளை மட்டுமே கேட்பேன். விளம்பரச் செலவு என்னுடையது. பதிவகத் தேடல், புதிய அளவை, மண்சரிவு அறிக்கை ஆகியவற்றின் செலவு தங்களுடையது. தங்கள் எழுத்து அனுமதியின்றி அவற்றில் ஒன்றையும் தொடங்கேன். வந்த விலைகள் அனைத்தையும் தங்களுக்கு எழுதுவேன். உரித்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அதற்குத் தங்கள் நொத்தாரிசையே நாடுக.*

*என் கூலி உறுதியில் எழுதப்படும் விலையில் நூற்றுக்கு மூன்று வீதம். விற்பனை உறுதி கையெழுத்தாகி, முழுப் பணமும் தங்களுக்குக் கிடைத்த பின்னரே அது கொடுபட வேண்டும். விற்பனை இடையில் முறிந்தால் கூலி இல்லை. வாங்குபவரிடம் யான் கூலி பெறுவதில்லை. அட்வான்ஸ் பணத்தை என் கையில் வாங்குவதுமில்லை.*

*மூன்று மாத காலம் என்னிடம் மட்டுமே ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன். அக்காலத்தில் தங்கள் உறவினருக்கோ, தாங்களே தேடிக்கொண்டவருக்கோ விற்றால் எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை. தவணை முடிந்தபின், யான் பெயர் குறித்து எழுத்தில் அறிவித்திருந்த ஒருவருக்கு அடுத்த மூன்று மாதத்துள் விற்றால் மட்டும் கூலி உண்டு.*

*காணி தங்கள் ஒருவருக்கே உரியதா, எவ்வகைப் பத்திரத்தால் கிடைத்தது, அடமானம் ஏதும் உண்டா என்பவற்றை அறிவிக்க வேண்டுகிறேன். குறித்த விலைக்கு விற்றுத் தருவேனென்று யான் வாக்களிக்கவில்லை.*

இக்கடிதத்தில் ‘என்னிடம் மட்டுமே’ என்று கேட்பதைக் கண்டு சிலர் தயங்குவர். பத்துத் தரகரிடம் கொடுத்தால் பத்து மடங்கு முயற்சி நடக்குமென்பது அவர்கள் எண்ணம். நடப்பதோ வேறு. ஒரே காணி பத்து விளம்பரங்களில் பத்து விலையுடன் தோன்றும். வாங்க வருபவர் மிகக் குறைந்த விலையைப் பிடித்துக்கொள்வார். ‘ஏதோ வில்லங்கம் இருக்கிறதுபோலும், அதனால்தான் இத்தனை பேர் கையில்’ என்றும் எண்ணுவார். காணி விலைப்பட்டதும், ‘அவரை முதலில் காட்டியவன் நானே’ என்று இரு தரகர் கூலி கேட்டு வாசலில் நிற்பர். ஒருவரிடம் கொடுப்பதால் வரும் ஆபத்தோ, அவர் வேலை செய்யாது சும்மா இருந்துவிடக்கூடும் என்பது. அதனாலேயே தவணை குறுகியதாக இருக்கவேண்டும். மாதத்துக்கு ஒரு முறை, எத்தனை பேர் பார்த்தனர், என்ன சொன்னர் என்று அறிக்கை கேட்பதும் சொந்தக்காரர் உரிமை.

இத்தகைய கடிதம் வந்தால், அதை வைத்துக்கொண்டு இணக்கமும் எழுத்திலேயே தெரிவியுங்கள். மாற்ற விரும்புவது ஏதேனும் இருந்தால், வீதமோ, தவணையோ, செலவோ, அதை முதலிலேயே எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். காணி விலைப்பட்ட அன்று கூலியைப் பற்றிப் பேசத் தொடங்குவது முறையன்று. அன்று ஒருவருக்குப் பணம் கைக்கு வந்திருக்கும், மற்றவருக்கு வேலை முடிந்திருக்கும். இருவர் ஞாபகமும் ஒன்றாக இராது. கடிதம் மட்டுமே மூன்று மாதத்துக்கு முன் பேசியதை அப்படியே சொல்லும்.